புகைகிற ஏர் பிரையரின் உச்சந்தலை

ஏர் பிரையரில் நாம் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவது கூடையையும் டிராயரையும்தான். புகை கிளம்பும் இடம் பெரும்பாலும் அவற்றுக்கு மேலே இருக்கிறது. டிராயரை முழுதாக வெளியே எடுத்து வைத்துவிட்டு, இயந்திரத்தைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, கைபேசி விளக்கை உள்ளே அடித்து அண்ணாந்து பார்த்தால் வட்டமாகச் சுருண்ட ஒரு காயில் தெரியும். வாங்கிய நாளிலிருந்து அதை ஒருமுறைகூடப் பார்க்காத வீடுகள் ஏராளம். பார்க்கச் சொல்லிக் கையேட்டில் ஒரு வரி இருக்கும். கையேடு அட்டைப்பெட்டியோடு பரணில் இருக்கும்.

'எண்ணெய் இல்லாத சமையல்' என்று சொல்லி விற்ற சாதனத்துக்குள் எண்ணெய்ப் பிசுக்கு எப்படி வந்தது என்று கேட்பவர்கள் உண்டு. நாம் ஊற்றாவிட்டாலும் கோழி ஊற்றும். தோலோடு வைத்த கோழிக்கால்கள் வேகும்போது கொழுப்பு உருகி டிராயரில் குளமாகத் தேங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு சிறு பங்கு கீழே நிற்பதில்லை, காற்றோடு மேலே போகிறது. அது எங்கே போய் ஒட்டுகிறது என்பதைப் புரிந்துகொள்ள, உள்ளே காற்று ஓடும் வழியைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடிப்படையில் இது காற்றை வேகமாகச் சுழலவிடும் ஒரு சின்ன மின்அடுப்பு. 2010-ல் பிலிப்ஸ் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு எத்தனையோ நிறுவனங்கள் செய்துவிட்டன. டிராயர் வகைகளில் உள்ளமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். கூரையில் காயில். வீட்டு அளவு இயந்திரங்களில் அது பெரும்பாலும் 1,400 அல்லது 1,500 வாட் இருக்கும். அதற்கு மேலே ஒரு விசிறி. விசிறி தன் நடுப்பகுதியால் காற்றை உறிஞ்சி, பக்கங்களில் வீசுகிறது. வீசிய காற்று டிராயரின் சுவர்களை ஒட்டிக் கீழே இறங்கி, கூடையின் ஓட்டைகள் வழியாக உணவுக்குள் புகுந்து மேலே ஏறி, காயிலைத் தொட்டுக்கொண்டு மறுபடி விசிறிக்கே வருகிறது. நிமிடம் முழுக்க இந்தச் சுற்று நிற்காமல் நடக்கிறது. கொழுப்புத் துளிகள் ஏறிவரும் பாதையில் முதலில் குறுக்கே நிற்பது காயில், அடுத்து விசிறி இதழ்கள், அதற்கடுத்து அவற்றுக்குப் பின்னால் உள்ள தகடு.

பலர் அறியாத இன்னொரு பாதி, அந்தத் தகட்டுக்கு மேலே இருக்கிறது. அங்கேதான் மோட்டார். பெரும்பாலான மாதிரிகளில் மோட்டாரின் ஒரே தண்டில் இரண்டு விசிறிகள் மாட்டப்பட்டிருக்கும். கீழே உள்ளது சமையலுக்கு. மேலே உள்ளது மோட்டாரையும் மின்பலகையையும் வெளி பிளாஸ்டிக் கூட்டையும் குளிர்விக்க. மேல் விசிறி அறைக்காற்றை மேலேயோ பக்கத்திலோ உள்ள துவாரங்கள் வழியாக உள்ளே இழுத்து, பின்பக்கத் துவாரம் வழியாக வெளியே தள்ளும். சமையலில் எழும் ஆவியும் பின்பக்கமாகத்தான் வெளியேறும். ஆக ஒரே ஒரு மோட்டார் சோர்ந்தால் உணவு வேகாது, கூடவே இயந்திரத்தின் மண்டையும் சூடேறும். பின்னால் வரப்போகிற எல்லாத் தொல்லைக்கும் இந்த ஒற்றைத் தண்டை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

முதலில், வருவது புகைதானா என்று பார்க்க வேண்டும். ஈரமான காய்கறியோ உறையில் இருந்து எடுத்த உருளைக்கிழங்கோ வைத்தால் பின்பக்கத் துவாரத்தில் வெண்மையாக ஆவி வரும். ஆவி ஒரு சாண் தூரத்தில் கரைந்துவிடும். வாசம் இருந்தால் அது சாப்பாட்டு வாசமாக இருக்கும். புகை கரையாது. அறையில் தொங்கும், தொண்டையைக் கமறச் செய்யும், கண்ணைக் கரிக்கும். அளவுக்கு மீறிச் சூடாகும் கொழுப்பு சிதையும்போது அக்ரோலின் என்ற வேதிப்பொருள் உண்டாகிறது. கண்ணில் நீர் வரவழைப்பது அதுதான்.

புகையின் நிறமும் கொஞ்சம் பேசும். வெண்புகை என்றால் கொழுப்பு எரிகிறது. அது இன்று வைத்த கோழியுடையதாகவும் இருக்கலாம், போன மாதம் காயிலில் ஒட்டியதாகவும் இருக்கலாம். கரும்புகை என்றால் உணவே கருகிக்கொண்டிருக்கிறது, அல்லது ஏதோ ஒன்று பறந்து போய்க் காயிலில் ஒட்டிக்கொண்டு எரிகிறது. நம் சமையலில் அந்த 'ஏதோ ஒன்று' பெரும்பாலும் கறிவேப்பிலை. அப்பளமும் அப்படித்தான், வெந்ததும் எடையே இல்லாமல் போய்விடுவதால் காற்று அதை அப்படியே தூக்கிக் காயிலோடு அணைத்துவிடும். அப்பளத்தின் மேல் சின்னக் கம்பித்தட்டு ஒன்றைப் பாரமாக வைக்காமல் சுடக்கூடாது. கூடையில் விரிக்கும் காகிதமும் அதே கதை: மேலே உணவு இல்லாமல் வெறும் காகிதத்தோடு முன்சூடு செய்தால் அது எழும்பிப் போய்த் தீப்பற்றும்.

புது இயந்திரத்தில் முதல் சில தடவை வரும் லேசான ரசாயன வாடை வேறு ரகம். தயாரிப்பில் பூசிய எண்ணெயும் பூச்சும் சூட்டில் போகின்றன. சன்னலைத் திறந்து வைத்து, காலியாகக் கொஞ்ச நேரம் ஓட்டினால் அடங்கும். நாலைந்து முறைக்குப் பிறகும் அடங்காவிட்டால் வாரண்டியில் கொடுத்துவிடுவதே சரி.

இவையெல்லாம் சாதாரணக் காரணங்கள். பிசுக்கு, துவாரம், விசிறி மூன்றும் சேர்ந்து கெடும்போது என்ன ஆகிறது என்பதற்கு மதுரையில் சித்தி வீட்டு இயந்திரம் நல்ல உதாரணம். நாலு லிட்டர் கொள்ளளவு, 1,400 வாட். இரண்டு வருடமாக ஞாயிறு தவறாமல் கோழி. முதலில் கோழி வைக்கும்போது மட்டும் புகைந்தது. கோழி என்றால் புகையத்தான் செய்யும் என்று விட்டுவிட்டார். பிறகு உருளைக்கிழங்குக்கும் புகைந்தது. அதன் பிறகு வடையைச் சும்மா சூடு காட்டினாலே வீடு முழுக்கச் சிக்கு வாடை. கூடையை எலுமிச்சைத் தோலால் தேய்த்துப் பார்த்தார், சோடா உப்பில் ஊறவைத்துப் பார்த்தார். கூடை பளபளத்தது. புகை அப்படியே இருந்தது.

இந்த நிலையில் செய்யவேண்டிய சோதனை ஒன்றுதான். கூடையையும் டிராயரையும் நன்றாகக் கழுவித் துடைத்து, எதுவும் வைக்காமல், 200 டிகிரியில் ஐந்து நிமிடம் ஓட்டுவது. பக்கத்திலேயே நிற்க வேண்டும். காலியாக ஓடும்போது புகை இல்லையென்றால் குற்றவாளி இன்றைய உணவு. காலியாகவே புகைந்தால் பழைய கொழுப்பு உள்ளே இருக்கிறது. சித்தி வீட்டில் இரண்டாவது நிமிடமே புகைந்தது. அணைத்து, ஆறவைத்து, அண்ணாந்து பார்த்தபோது காயில் முழுக்க மாநிறத்தில் அரக்கு பூசினாற்போல ஒரு படலம். சில இடங்களில் கருப்பாகப் பொரிந்த பொருக்கு. ஒரு வளைவில் கருகிய கறிவேப்பிலையின் நரம்பு.

அந்தப் படலம் தண்ணீரில் போகாததற்குக் காரணம் உண்டு. இரும்பு தோசைக்கல்லில் எண்ணெய் தடவிக் காயவைத்துப் பழக்கும்போது எண்ணெய் இறுகி ஒரு பூச்சாக மாறுமே, அதே மாற்றம்தான் இங்கேயும் நடக்கிறது. மெல்லிய எண்ணெய்ப்படலம் சூட்டிலும் காற்றிலும் பிணைந்து கெட்டியாகிவிடும். கல்லில் அது நமக்கு வேண்டும். காயிலில் அது ஒவ்வொரு முறையும் மேலும் கொழுப்பைப் பிடித்துவைக்கும் ஒட்டுப்பரப்பாகிவிடுகிறது. நாம் 180 என்று வைத்தாலும் அது காற்றின் வெப்பம். காயிலின் மேல்பரப்பு அதைவிட மிக அதிகமாகச் சுடும். எந்த எண்ணெயும் அங்கே புகையாமல் தப்பாது.

எண்ணெய் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் சுமார் 175 டிகிரியை ஒட்டியே புகையத் தொடங்கிவிடும். வெண்ணெய் இன்னும் முன்னால், 150 வாக்கில். சுத்திகரித்த சூரியகாந்தி, கடலை எண்ணெய்கள் 220-ஐத் தாண்டியும் தாங்கும். நெய்யும் நன்றாகத் தாங்கும். செக்கு எண்ணெயில் ஊறவைத்த மீனை 200 டிகிரியில் வைத்துவிட்டு இயந்திரத்தைக் குறை சொல்வதில் நியாயமில்லை. செக்கு எண்ணெய்தான் வேண்டுமென்றால் 160-இல் வைத்துக் கூடுதல் நேரம் கொடுக்கலாம். கொழுப்பு மிகுந்த கறிக்கு டிராயரின் அடியில், கூடைக்குக் கீழே, இரண்டு மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் விட்டுவைப்பதும் பலன் தரும். சொட்டும் கொழுப்பு காய்ந்த உலோகத்தில் விழுந்து பொரியாமல் தண்ணீரில் அடங்கும். சில கையேடுகள் டிராயரில் திரவம் ஊற்றக்கூடாது என்கின்றன. அப்படி இருந்தால் கையேடு சொல்வதே சரி. அங்கே பாதியில் ஒருமுறை அணைத்து, டிராயரில் சேர்ந்த கொழுப்பை வடித்துக் கொட்டிவிட்டுத் தொடரலாம்.

காயிலைச் சுத்தம் செய்வதில்தான் பலர் இயந்திரத்தையே கெடுத்துக்கொள்கிறார்கள். பிளக்கை உருவ வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. குறைந்தது ஒரு மணி நேரம் ஆறட்டும். மேசையில் ஒரு தடித்த துண்டை விரித்து இயந்திரத்தை மல்லாக்கப் படுக்கவைத்தால், டிராயர் இருந்த வாய் நம்மைப் பார்க்கும், காயில் கைக்கு எட்டும். முழுதாகத் தலைகீழாகக் கவிழ்ப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. அப்போது மோட்டார் கீழே வந்துவிடும். தகட்டின் நடுவில் தண்டு நுழையும் ஓட்டை வழியாக ஒரு துளி தண்ணீர் இறங்கினாலும் நேராக மோட்டாருக்குத்தான் போகும். எனவே எதையும் தெளிக்கக்கூடாது. தெளிப்பான் புட்டியில் வரும் அடுப்புக் கிளீனர்களையும் இங்கே அண்டவிடக்கூடாது. அவற்றில் பெரும்பாலும் காரம் இருக்கும். அலுமினியத்தை அரிக்கும், மிச்சம் ஒட்டிக்கொண்டால் அடுத்த சமையலில் ஆவியாகும்.

வெந்நீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைச் சில சொட்டு விட்டு, துணியை நனைத்து, சொட்டாத அளவுக்கு இறுக்கிப் பிழிந்து, காயிலின் மேல் சுற்றிப் போர்த்திவிட வேண்டும். கால் மணி நேரம் அப்படியே இருக்கட்டும். பொருக்கு ஊறி இளகும். பிறகு பழைய பல்துலக்கும் பிரஷால், மென்மையான முடிகள் உள்ளதாகப் பார்த்து, வளைவு வளைவாகத் தேய்த்து, மீண்டும் பிழிந்த துணியால் துடைக்க வேண்டும். துணி வெள்ளையாக வரும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்வது அலுப்பான வேலைதான். அவசரப்பட்டுக் கம்பி நாரை எடுக்கக்கூடாது. அதிலிருந்து உதிரும் இழைகள் தகட்டின் ஓட்டைகள் வழியாக உள்ளே போய் மின்முனைகளில் விழுந்தால் ஷார்ட் ஆகும். கத்தி முனையால் சுரண்டுவதும் கூடாது. காயிலை வளைத்துப் பார்ப்பதும் கூடாது. காயிலின் ஓரமாக ஒரு மெல்லிய கம்பியோ மொட்டோ துருத்திக்கொண்டிருந்தால் அது வெப்ப உணரி. அதை மெதுவாகத் துடைக்கலாம், இழுக்கக்கூடாது. அதன்மேல் பிசுக்கு படிந்தால் வெப்பத்தைத் தாமதமாக உணரும், காயில் தேவைக்கு மேல் எரியும்.

துடைத்த கையோடு ஓட்டிவிடவும் கூடாது. பல காயில்கள் ஓர் எஃகுக் குழாய்க்குள் வெள்ளைத் தூளை அடைத்து, நடுவில் மின்கம்பியை ஓட்டிச் செய்யப்பட்டவை. அந்தத் தூள் மக்னீசியம் ஆக்ஸைடு. ஈரத்தை உறிஞ்சும் குணம் உடையது. சுத்தம் செய்ததும் போட்டால் வீட்டு மெயின் போர்டில் இ.எல்.சி.பி. டக்கென்று விழுந்துவிட்டது என்று சிலர் பதறுவது இதனால்தான். டிராயரை வெளியே வைத்து, மின்விசிறிக்குக் கீழே ஓர் இரவு காயவிட வேண்டும். மறுநாள் முதலில் மிகக் குறைந்த வெப்பத்தில் பத்து நிமிடம், பிறகு 180-இல் பத்து நிமிடம் காலியாக ஓட்டினால் மிச்ச ஈரமும் போய்விடும். இந்த முதல் ஓட்டத்தில் லேசாகப் புகைந்தால் பயப்பட வேண்டாம், எட்டாத இடத்துப் படலம் அது. அடுத்தடுத்த ஓட்டங்களில் அது குறைந்துகொண்டே வர வேண்டும். குறையவில்லை என்றால் பிசுக்கு வேறெங்கோ இருக்கிறது.

சித்தி வீட்டில் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. அடுத்துப் பார்த்தது இயந்திரம் நின்ற இடத்தை. மிக்ஸிக்குப் பக்கத்தில், சுவரில் முதுகை ஒட்டி, மேலே ஒரு அலமாரித் தட்டு. பின்சுவரில் டைல்ஸின் மேல் தாம்பாளம் அளவுக்கு மஞ்சள்கறை. வெளியே வந்த எண்ணெய் ஆவி சுவரில் மோதித் திரும்பி இயந்திரத்துக்குள்ளேயே போயிருக்கிறது என்பதற்கு அந்தக் கறையே சாட்சி. பின்னால், பக்கங்களில், மேலே என எல்லாப் பக்கமும் 10 சென்டிமீட்டராவது இடம் விடச் சொல்கின்றன பல கையேடுகள். உள்ளங்கை அகலம் என்று வைத்துக்கொள்ளலாம். நம் சமையல் மேடைகளில் அது சுலபமில்லை. சமைக்கும் நேரத்துக்கு மட்டும் மேடையின் ஓரத்துக்கு இழுத்து வைத்துக்கொண்டால் போதும்.

மேல் துவாரங்களின் நிலை இன்னும் மோசம். அழுக்கு படாமல் இருக்கட்டும் என்று சித்தி பூப்போட்ட உறை ஒன்று தைத்துப் போட்டிருந்தார். அவசரத்தில் சில நாள் உறையை மேலே பாதி சுருட்டிவிட்டு ஓட்டியதும் உண்டாம். தாளிப்புப் புகையும் தூசியும் சேர்ந்து துவாரங்களின் இடைவெளிகளில் பஞ்சுபோல அடைத்திருந்தது. காய்ந்த பெயிண்ட் பிரஷால் வெளிப்பக்கமாகத் தட்டி எடுத்து, வாக்குவம் கிளீனர் இருந்தால் அதன் முனையை வைத்து உறிஞ்ச வேண்டும். ஊதினால் தூசி உள்ளே போகும். ஊசியோ குச்சியோ விட்டுக் குடையவும் கூடாது. உள்ளே சில அங்குலத்தில் மின்பலகை இருக்கிறது. துவாரத்தின் ஓரத்தில் கருமிளகுத் தூள் போன்ற துகள்கள் தென்பட்டால் அது கரப்பான்பூச்சி எச்சம். சமையல் முடிந்த பிறகும் கதகதப்பாக இருக்கும் இடம் அவற்றுக்குப் பிடிக்கும். சூட்டில் அவை தீயும்போது வரும் நாற்றத்தை எந்த எண்ணெய் நாற்றத்தோடும் குழப்பிக்கொள்ள முடியாது. அப்போது திறந்து சுத்தம் செய்யாமல் வேறு வழியில்லை.

துவாரம் சுத்தமான பிறகும் ஒரு குறை மிஞ்சியது, சித்தியே முன்பு சொல்லியிருந்தார்: "மேல எல்லாம் செவந்துடுது, அடியில வேகவே மாட்டேங்குது." விசிறி சோர்ந்துவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி இல்லை. காயில் எரியும்போது தன் வாட் அளவுக்குரிய வெப்பத்தை உமிழ்ந்துகொண்டே இருக்கும். அதை அள்ளிக்கொண்டு போக வேண்டியது காற்று. காற்று குறைந்தால் வெப்பம் காயிலிலேயே தேங்கி, அது செக்கச்செவேலென்று தகிக்கும். அதன் நேரடித் தணலில் உணவின் மேற்பரப்பு மட்டும் கருகும். மேலே உள்ள உணரியோ 'போதும், சூடாகிவிட்டது' என்று காயிலை அணைத்துவிடும். கூடையின் அடி இன்னும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். மேலே கருகல், கீழே பச்சை, கூடவே புகை. ஒட்டியிருந்த மிச்சப் படலத்துக்கு முன்பைவிட அதிகச் சூடு கிடைக்கிறது அல்லவா? காயிலைத் துடைத்தும் புகை நிற்காததன் காரணம் அங்கே இருந்தது.

வீட்டிலேயே இதை உறுதிசெய்ய எளிய வழிகள் உண்டு. ஓடும்போது பின்பக்கத் துவாரத்துக்கு எதிரே ஒரு சாண் தள்ளி மெல்லிய காகிதத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். நல்ல இயந்திரத்தில் அது படபடக்கும். கையைக் கிட்டே கொண்டுபோக வேண்டாம், ஆவி சுடும். சத்தத்தையும் கவனிக்கலாம். ஒரே சுருதியில் உறுமவேண்டிய விசிறி, தொடக்கத்தில் முனகி மெல்ல வேகமெடுத்தாலும், கீச்சிட்டாலும், தகட்டில் உரசும் சத்தம் வந்தாலும் கோளாறுதான். பிளக்கை உருவி நன்றாக ஆறிய பிறகு, விரல் எட்டும் அமைப்பாக இருந்தால் விசிறி இதழை ஒரு சுண்டு சுண்டிப் பார்க்கலாம். சில சுற்றாவது தானாகச் சுழன்று நிற்க வேண்டும். சுண்டியதும் பிசினில் சிக்கினதுபோல நின்றுவிட்டால் தண்டு இறுகியிருக்கிறது. இதழ்களில் ஒரு பக்கம் மட்டும் பொருக்கு கட்டியிருந்தாலும் சமநிலை கெட்டு இயந்திரம் அதிரும். இதழைத் துடைத்தாலே அது சரியாகலாம்.

தண்டு இறுகியிருந்தால் வீட்டு வேலை அங்கே முடிகிறது. தெருமுனையில் மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்ப்பவரிடம் சித்தி கொண்டுபோனார். மேல் மூடியைக் கழற்றியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "காத்து போகலைன்னா மோட்டார் என்னம்மா பண்ணும்?" மோட்டார்த் தண்டு இரண்டு உலோகப் புஷ்களில் சுழல்கிறது. எண்ணெயை உள்ளே உறிஞ்சி வைத்திருக்கும் வகைப் புஷ்கள் அவை. வருடக்கணக்கில் சூட்டில் அந்த எண்ணெய் காய்ந்து, கீழிருந்து தண்டு வழியாக ஏறிய கோழிக்கொழுப்பும் சேர்ந்து பசைபோல ஆகியிருந்தது. அவர் தண்டை உருவி, பசையைக் கரைத்துத் துடைத்து, சூடு தாங்கும் கிரீஸ் வைத்தார். தையல் மெஷின் எண்ணெய் விட்டால் என்ன என்று கேட்டதற்கு, கொஞ்ச நாள் ஓடும், சூட்டில் காய்ந்து மறுபடி பிடித்துக்கொள்ளும் என்றார். புஷ் தேய்ந்து தண்டு ஆடத் தொடங்கியிருந்தால் இந்த வைத்தியமும் உதவாது. மோட்டாரையே மாற்ற வேண்டும்.

கீழ் விசிறியைக் கழற்றுவதில் ஒரு சூட்சுமம். பல மாதிரிகளில் அதைப் பிடித்திருக்கும் நட்டு இடதுமரை கொண்டது. விசிறி சுழலும்போது தானாகக் கழன்றுவிடாமல் இருக்க அப்படி வைத்திருக்கிறார்கள். வழக்கமான திசையில் பலங்கொண்டு திருகினால் அது கழலாது, இறுகி மரை உடையும். யூடியூப் பார்த்துக் கழற்ற உட்காருபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

விசிறி முற்றிலும் நின்றுபோன இயந்திரம் பெரும்பாலும் சில நிமிடங்களில் செத்துவிடும், விளக்குகூட எரியாது. காயிலுக்கு அருகே மின்பாதையில் வைத்திருக்கும் தெர்மல் ஃப்யூஸ் ஒருமுறை உருகினால் உருகியதுதான். அது தீ விபத்தைத் தடுக்க வைத்த கடைசிக் காவல். அதைத் தூக்கிவிட்டு ஒரு துண்டுக் கம்பியால் நேராக இணைத்து, "ஓடுது பாருங்க" என்று கொடுக்கும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். அந்த இயந்திரத்தை வீட்டுக்கு எடுத்துவரக்கூடாது. ஃப்யூஸின் உடம்பில் அச்சிட்டிருக்கும் அதே வெப்ப அளவு, அதே ஆம்பியர் உள்ள புதியதைப் போட்டுத் தரச்சொல்லுங்கள். அது ஏன் உருகியது என்பதையும் கேளுங்கள். விசிறியைச் சரிசெய்யாமல் ஃப்யூஸை மட்டும் மாற்றினால் மறுபடியும் உருகும்.

சமைத்துக்கொண்டிருக்கும்போதே கரும்புகை வந்தால் என்ன செய்வது? முதலில் பிளக்கை உருவுங்கள், அல்லது சுவிட்ச் போர்டில் அணையுங்கள். டிராயரைத் திறந்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள். திறந்தால் புதுக்காற்று புகுந்து, கனிந்துகொண்டிருந்தது தீயாகப் பற்றும். புகை அடங்கும்வரை மூடியே இருக்கட்டும். தண்ணீர் ஊற்றக்கூடாது. உள்ளே இருப்பது சூடான கொழுப்பும் மின்சாரமும்.

கடைசியாக, புகையே இல்லாமல் நாற்றம் மட்டும் வரும் ஒரு நிலை இருக்கிறது, அதில்தான் அதிகம் ஏமாறுகிறோம். மீன் சமைக்காத நாளில் மீன்வாடை, அல்லது பிளாஸ்டிக் தீய்கிற நெடி வந்தால் இயந்திரத்தை மோப்பம் பிடிப்பதற்கு முன் சுவரைப் பாருங்கள். 1,400 வாட் இயந்திரம் 230 வோல்ட்டில் ஆறு ஆம்பியருக்கும் மேல் இழுக்கும். சின்ன பிளக் பாயின்ட்டின் கொள்ளளவே ஆறு ஆம்பியர்தான். அதில், அல்லது அதிலிருந்து இழுத்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டி அரைமணி நேரம் ஓட்டினால், தளர்ந்துபோன பித்தளை முனைகள் சூடாகி, சுற்றியுள்ள பிளாஸ்டிக் தீயத் தொடங்கும். அந்த வாடை பலருக்கு மீன்வாடையாகவே தெரியும். கால் மணி நேரம் ஓடியதும் அணைத்துவிட்டு, பிளக்கின் மேல்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். லேசான கதகதப்பு பரவாயில்லை. விரல் வைக்க முடியாமல் சுட்டாலோ, பிளக் முனையில் பழுப்புக் கறை இருந்தாலோ, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த இடத்தில் 16 ஆம்பியர் பாயின்ட் போட்டு, அதற்குத் தகுந்த தடிமனில் ஒயரும் இழுக்கச் சொல்லுங்கள். பாயின்ட்டை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய மெல்லிய ஒயரை அப்படியே விட்டால், அடுத்த முறை சுடப்போவது சுவருக்குள்ளே இருக்கும் அந்த ஒயர்.